ஆயிரத்து அறுநூறு தட்டுக்கு ஒரு கமெண்ட்

பதிவு போடுகிறவன் அரசன். அதன் கீழே கமெண்ட் எழுதுகிறவன் அரண்மனை வாசலில் நின்று அரசனுக்கு வியர்க்கிறதா என்று பார்ப்பவன். தமிழ்மாறன் இதைச் சொன்னபோது அவன் முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில், ரோஸ்லின் வீட்டு நாற்றங்கால் வரப்பில், ஒரு கையில் போனும் மறு கையில் வடையுமாக நின்றிருந்தான்.

"ராஜராஜன் என்ன பண்ணான்? கோயில் கட்டினான். பக்கத்து ஊர் கோயிலுக்குப் போயி 'அருமை சார், தொடருங்கள்'னு கல்வெட்டு வச்சானா?"

"வைக்கலை" என்றேன். வரலாற்று விஷயத்தில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

"நாமளும் வைக்க மாட்டோம். நம்ம பக்கத்துல, நம்ம பதிவு. அவ்ளோதான்."

ரோஸ்லின் குனிந்து ஒரு தட்டிலிருந்த நாற்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அப்படி ஆயிரத்து அறுநூறு தட்டுகள் இருந்தன.

நாங்கள் மூவரும் ஏப்ரலில் கல்லூரி முடித்தவர்கள். ரோஸ்லின் வேளாண்மை, மாறன் வணிகவியல், நான் தமிழ் இலக்கியம். ஆகவே போட்டோ எடுக்கும் பொறுப்பு எனக்கு. நடவு இயந்திரத்துக்குத் தேவையான தட்டு நாற்றை வளர்த்து விற்பது ரோஸ்லினின் யோசனை. திருவையாற்றுப் பஞ்சநதம் இருபது ஏக்கர் குறுவைக்குச் சொல்லியிருந்தார். விதைத்த பதினோராம் நாள் காலை போன் செய்து, "நேரடி விதைப்புக்கு மாறிட்டம்மா, தப்பா நெனச்சுக்காத" என்றார். தப்பாக நினைக்க அவளுக்கு நேரமும் கொடுக்கவில்லை, வைத்துவிட்டார்.

தட்டு நாற்றைப் பதினைந்தாம் நாளிலிருந்து பதினெட்டாம் நாளுக்குள் நட்டாக வேண்டும். தாண்டினால் உயரமாகி, வேர் அளவுக்கு மீறிப் பின்னிக்கொண்டு, இயந்திரத்துக்கு ஆகாது. அதைவிடப் பெரிய கெடு ரோஸ்லினின் அப்பா குழந்தைராஜ் வைத்தது. "இந்தப் போகம் நாத்து வெளிய போகலன்னா, நீ சென்னையில அந்த உரக் கம்பெனி வேலைக்குப் போயிரு தாயி. நிலத்த நான் பாத்துக்கிறேன்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் ரோஸ்லினுக்குப் பயம்.

மாறன் களமிறங்கினான். நாற்றங்காலில் தான் கறுப்புக் கண்ணாடி போட்டு நடந்துவரும் ரீல் ஒன்றை என்னை ஏழு முறை எடுக்க வைத்தான். மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பார்வை. அதில் நாற்பது அவனே பார்த்தது. ஒரே கமெண்ட், சிங்கப்பூர் மாமாவிடமிருந்து: "கலக்குற மாப்ள."

"சிங்கப்பூர்ல நடவு எப்போடா?" என்றாள் ரோஸ்லின்.

எங்கள் பக்கத்தில் இருந்ததே எண்பத்தாறு பேர். அதில் எழுபது பேர் எங்கள் வகுப்பு. அவர்களில் வயல் வைத்திருப்பவர்கள் மூவர், மூவரும் உளுந்து.

பன்னிரண்டாம் நாள் மாறன் தன் கொள்கையைச் சற்றே தளர்த்தினான். அறுபதாயிரம் பேர் இருக்கும் டெல்டா விவசாயிகள் குழு ஒன்றில் புகுந்து, "தரமான நாற்று! இன்றே முந்துங்கள்!" என்ற வரியையும் போன் எண்ணையும் நகலெடுத்து, முப்பது பதிவுகளின் கீழே ஒட்டினான். "இது கமெண்ட் இல்லடா, விளம்பரம். வேற வேற" என்று எனக்கு விளக்கமும் தந்தான். முப்பதில் ஒன்று, குழுவை நடத்தும் மருதையன் தன் உழவு மாடு இறந்துபோனதற்கு எழுதிய இரங்கல். இருபது வருடம் உழைத்த மாட்டின் படத்துக்குக் கீழே, இன்றே முந்துங்கள்.

மருதையன் மூன்று நாளைக்குக் குழுவில் எழுதவிடாமல் அவன் வாயைக் கட்டினார். முப்பது வரிகளும் அழிந்தன.

அன்று மாலைதான் அந்தப் பதிவு வந்தது. மயிலாடுதுறைப் பக்கத்து அப்சர் என்பவர் போட்டிருந்தார். தட்டிலிருந்து பாய் போல ஒன்றாக வர வேண்டிய நாற்று, எடுக்கும்போதே பொலபொலவென்று உதிர்கிறது, இயந்திரம் பாதி இடத்தில் நடாமல் ஓடுகிறது, என்ன செய்ய? கீழே பதினோரு பேர் எழுதியிருந்தார்கள். "சூப்பர் அண்ணா" என்று நான்கு. "எங்கள் கடைக்கு வாங்க" என்று ஐந்து. மிச்சம் இரண்டும் கும்பிடு.

ரோஸ்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

"நம்ம பக்கத்த சொல்லு, நம்பர் போடு" என்றான் மாறன்.

"அவரு நாத்து கேக்கல. ஏன் உதிருதுன்னு கேக்குறாரு."

அவள் எழுதியது இவ்வளவுதான்: "படத்தில் மண் சொதசொதவென்று தெரிகிறது. எடுப்பதற்கு முதல் நாளே தண்ணீரை வடித்துவிட்டீர்களா? விதைத்து எத்தனை நாள்? ஒரு தட்டைக் கவிழ்த்து வேரைப் படம் எடுத்துப் போடுங்களேன். வேர் நன்றாகப் பின்னியிருந்தால் வடித்தாலே சரியாகிவிடும். பின்னவில்லை என்றால் விதை குறைவாக விழுந்திருக்கும். அப்படியென்றால் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம்."

பத்து நிமிடத்தில் அப்சர் வேரின் படம் போட்டார். பாதித் தட்டுகளில் வேர் வெள்ளையாகப் பின்னியிருந்தது, பாதியில் இல்லை. ரோஸ்லின் பதில் எழுதினாள். பாபநாசத்திலிருந்து ஒருவர் தன் நாற்று மஞ்சளாவதைக் கேட்டார். "யூரியா லிட்டருக்கு அஞ்சு கிராம், தெளிப்பு மட்டும், அதுக்கு மேல வேண்டாம்" என்றாள். அம்சவல்லி என்ற அக்கா, "எனக்கும் இதே கூத்துதான்!" என்று வந்தார். ஒவ்வொரு கமெண்ட் விழும்போதும் அந்தப் பதிவு குழுவின் உச்சிக்கு ஏறியது. ஏறும்போதெல்லாம் புதிதாக நூறு பேர் கண்ணில் பட்டது. அதில் முதலில் தெரிந்தது ரோஸ்லின் எழுதியதுதான்.

"நாப்பது... தொண்ணூறு... டேய், நூத்தி நாப்பது கமெண்ட்!" நான் கத்தினேன். இலக்கியத்தில் இவ்வளவு பரபரப்பு கிடையாது.

ஆட்கள் அவள் பெயரைத் தொட்டு உள்ளே போய், எவரும் சீண்டாமல் கிடந்த நாற்றங்கால் படங்களுக்கு விருப்பம் போட்டார்கள். மறுநாள் காலை அப்சரே எழுதினார்: "நேத்து ராத்திரி வடிச்சேன்மா. வேர் பிடிச்சது பாய் மாதிரியே வருது. ஆனா பின்னாதது ஆறு ஏக்கருக்கு உண்டானது, அது தேறாது, காத்திருக்கவும் நேரமில்ல. நீங்க நாத்து குடுக்குறீங்களா?"

அப்போதுதான் அவள் முதல்முறையாகச் சொன்னாள்: "இருக்கு அண்ணா. ஒரத்தநாடு. இன்னிக்குப் பதிமூணாம் நாள்."

அதற்குப் பிறகு போனைக் கீழே வைக்க முடியவில்லை. அம்சவல்லி அக்காவுக்கு நான்கு ஏக்கர். பாபநாசத்துக்காரர் மஞ்சள் தெளிந்ததும், தன் மச்சானுக்கு ஐந்து ஏக்கர் கேட்டார். மாட்டுக்கார மருதையனே ஐந்து ஏக்கருக்குச் சொன்னார். "உங்க கூட இருக்குற அந்தத் தம்பி லோடு ஏத்த மட்டும் வரட்டும், எழுத வேணாம்" என்றொரு நிபந்தனையோடு.

பதினாறாம் நாள் காலை வரிசையாக நான்கு மினி லாரிகள். குழந்தைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் லாரிக்காரரிடம், "மெதுவா தூக்குங்கய்யா, பாப்பா வளத்தது" என்று அதட்டிக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம் வந்து, "சம்பாவுக்கு எத்தன தட்டு தாயி போடணும்?" என்றார். ரோஸ்லின் வாய்க்கால் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். சென்னையைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை.

மாறன் முந்நூறு தட்டு ஏற்றி, சட்டையெல்லாம் சேறாகி, "பார்த்தியா, என்னோட ரீல் மெதுவா வேலை செஞ்சிருக்கு" என்று இரண்டு பேரிடம் சொன்னான். மூன்றாமவருக்குச் சொல்லும்முன் காணாமல் போனான்.

தேடிப் போனேன். பம்புசெட் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். போனில் வேறொரு விவசாயக் குழு, யாரோ முன்பின் தெரியாதவர், "நாற்றுப் பாயைச் சுருட்டி வண்டியில் இரண்டு மணி நேரம் கொண்டுபோனால் தாங்குமா?" என்று கேட்டிருந்தார். மாறன் ஒரு விரலால், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான்: "தாங்கும் அய்யா. வேர் வெளிப்பக்கம் வருமாறு சுருட்டுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக நிறைய அடுக்காதீர்கள், அடியில் இருப்பது நசுங்குகிறது. மேலே ஈரச் சாக்கு."

என்னைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. ஸ்கோர் பார்த்தேன்."

நான் நகர்ந்து நாலடி போனதும் பின்னாலிருந்து மெல்லக் கேட்டான்: "டேய், சாக்க எத்தன தடவ நனைச்சோம்? ஒண்ணா, ரெண்டா? அந்தாளு கேக்குறாரு."