அஞ்சாம் தேதிக்கே சேர்கிறேன்

மூத்த மருமகளான பெரியவளுக்கு வந்திருந்தது நல்ல வேலைதான். டயாலிசிஸ் பிரிவில் பன்னிரண்டு வருஷம் மெஷினோடு மல்லுக்கட்டியவளை, வேறொரு ஊரின் பெரிய ஆஸ்பத்திரி சீனியர் டெக்னீஷியனாகக் கூப்பிட்டிருந்தது. புருஷன் மாற்றலாகி இரண்டு மாசமாக அந்த ஊரில்தான் ஒற்றை ரூமில் கிடக்கிறான். மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை அடுத்த மாசக் கடைசியில் முடிகிறது. அதனால் அதற்கடுத்த ஒண்ணாம் தேதி சேர்கிறேன் என்று கேட்டாள், ஆள் எடுக்கிற ஹெச்.ஆர். பெண்ணும் சரி என்றுவிட்டாள். வீடு மாற்ற, பில் காட்டினால் ஐம்பதாயிரம் வரை தருவார்கள். ஒரு வாரம் தங்க கெஸ்ட் ஹவுஸும் உண்டு. ஒரு மனுஷிக்கு வேறென்ன வேணும்?

வேணும். ஓரகத்திக்குக் கிடைத்ததெல்லாம் வேணும்.

போன வருஷம்தான் கொழுந்தனின் பெண்டாட்டி, அதாவது சின்னவள், கம்ப்யூட்டர் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தாள். வந்தாளா, எழுந்தருளினாள்! ஆறு ஆட்கள், மூடின லாரி, ஒரு மாசம் சமையலறையோடு ஃப்ளாட், அத்தனையும் கம்பெனி செலவு. "அக்கா, நான் ஒரு டம்ளரைக்கூடத் தூக்கலக்கா" என்று கால்மேல் கால் போட்டுச் சொன்னாள் பாருங்கள், அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் இன்னும் அணையவில்லை. துடைப்பத்துக்குக்கூட பிளாஸ்டிக் சுற்றிக் கொண்டுவந்தார்களாம். அவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது?

மத்தியானம், டயாலிசிஸ் ஃபில்டர் பெட்டிகள் அடுக்கிய ஸ்டோர் ரூமில் நின்றுகொண்டு போன் போட்டாள்.

"ஐம்பதாயிரம் எந்த மூலைக்கும்மா? எனக்கு ஒன்றரை லட்சமும் ஒரு மாசம் தங்க இடமும் வேணும்."

"மேடம், உங்க கிரேடுக்கு அவ்வளவுதான் லிமிட்."

"எங்க வீட்லயே ஒருத்திக்குக் குடுத்திருக்காங்க."

"நம்ம ஆஸ்பத்திரியிலயா?"

"எங்க குடுத்தா என்ன?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கினாளோ என்னவோ, ஒரு தடவை இருமினாள். பிறகு சொன்னாள்: "ஒரு வழி இருக்கு. புது யூனிட்டை அடுத்த மாசம் அஞ்சாம் தேதி திறக்கிறோம், ஆள் போதல. அன்னிக்கே சேர்ந்தீங்கன்னா ஸ்பெஷல் அப்ரூவல் கேட்டுப் பார்க்கிறேன். ஆனா ஒரு வருஷத்துக்குள்ள வேலையை விட்டா முழுசையும் திருப்பிக் கட்டணும். அப்புறம் பாப்பா பரீட்சைன்னு சொன்னீங்களே?"

"அதை நான் பார்த்துக்கறேன். நீ அப்ரூவல் வாங்கு."

மறுநாளே அப்ரூவல் வந்தது. திருத்திய ஆஃபர் லெட்டரில் சம்மதம் என்று ஒரே அமுக்கு. பழைய ஆஸ்பத்திரியிலும் ராஜினாமாவை நீட்டிவிட்டாள். நோட்டீஸில் குறைந்த நாட்களுக்கு மிச்ச லீவைக் கழித்துக்கொண்டார்கள். எல்லாம் கச்சிதம். பரீட்சை எழுதுகிற பிள்ளையை யாரிடம் விடுவது என்பது மட்டும் பாக்கி. ஹாஸ்டலுக்குப் போன் போட்டாள், ஒரு மாசத்துக்கெல்லாம் சேர்க்க மாட்டோம் என்றார்கள். தன் அம்மா வீடோ எட்டு மணி நேரப் பயணம். கையை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள், எண்ணிக்கை கடைசியில் சின்னவள் வாசலில் போய் நின்றது.

புருஷன் போனில் கேட்டுவிட்டு, "சொந்தக் காசுல சூனியம் வச்சுக்குவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ ஆஸ்பத்திரி காசுல வச்சுக்கிட்டியேடி" என்றான். நாலு வார்த்தை திட்டிவிட்டு வைத்தாள்.

சின்னவளிடம் கேட்பதற்குள் ஊர்க்கதையெல்லாம் பேசித் தீர்த்தாள். அவளோ பாவி, ஒரு நொடி யோசிக்கவில்லை. "இதுக்கா தயங்குனீங்க? அவ ரூமே ரெடியா இருக்குக்கா. பரீட்சைக்கு நானே கூட்டிட்டுப் போறேன், லீவு போட்டுடறேன்."

அவ ரூமா? எப்போதிருந்து?

பிள்ளை அழும், கட்டிக்கொண்டு போகாதே என்னும், தானும் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுத் தேற்றலாம் என்று இருந்தாள் பெரியவள். சாயங்காலம் மகளை உட்காரவைத்து, தலையைத் தடவி, மெல்ல விஷயத்தைச் சொன்னாள்.

"சித்தி வீட்லயா? ஒரு மாசம் முழுக்கவா?" பிள்ளை துள்ளி எழுந்தது. "ஐயோ, நிஜமாவாம்மா? சித்தி சத்தமே போட மாட்டாங்க. கணக்கு சொல்லித் தந்தா உடனே புரியும். ஏம்மா, நீ அஞ்சாம் தேதிதான் சேரணும்னா, மூணாம் தேதியே கிளம்பிடுவியா?"

விரலை விட்டு எண்ணி, இன்னும் எத்தனை நாள் என்று வேறு பார்த்தது.

பெரியவள் பால்கனிக்கு வந்து கதவைச் சாத்தினாள். லாரியும் வேண்டாம், ஃப்ளாட்டும் வேண்டாம், யாருக்கு வேணும் அந்த எழவு! ஹெச்.ஆர். பெண்ணைக் கூப்பிட்டாள்.

"எனக்குப் பழைய தேதியே குடுத்திடும்மா. பழைய ஐம்பதாயிரமே போதும்."

"மேடம், ட்யூட்டி லிஸ்ட்ல உங்க பேர் ஏறிடுச்சே. முதல் நாள் ஷிஃப்ட்டே உங்களை நம்பித்தான் போட்டிருக்காங்க. இனிமே மாத்தவே முடியாது." அந்தக் குரலில் நிஜமான கவலை இருந்தது. "என்ன மேடம், பாப்பா ரொம்ப அழறாளா?"

கதவுக்கு அந்தப் பக்கம் மகள் சித்தியோடு போனில் பேசிச் சிரிப்பது கேட்டது.

"இல்லம்மா," என்றாள் பெரியவள். "அழல."