கலைத்துப்போட்ட பாடம்

லாரி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் கண்ணை மூட மாட்டார்கள். ஆனந்தகுமாருக்கு அது கொஞ்சம் முற்றிப்போயிருந்தது. பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவருக்குப் பின்சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் வலது காலால் இல்லாத பிரேக்கை மிதிப்பார். ராசிபுரத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் போய், விடிந்ததும் சிவந்த கண்ணோடு இறங்கி, “பரவால்ல, நல்லாத்தான் ஓட்டுனான்” என்று டிரைவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவார்.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு, போயும் போயும் அந்த வலது முட்டிதான் போயிற்று. லாரி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வாங்கி, சரவணமுத்துவின் முட்டை மண்டியில் சரக்கு ஏற்றி, தம்மம்பட்டி வரைக்கும் கடை கடையாகப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு மழை நாளில் வண்டியிலிருந்து இறங்கும்போது வழுக்கி, முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது. ஆபரேஷன் செய்த டாக்டர், இந்த வருஷம் முடிகிறவரை பெடல் பக்கமே கால் போகக்கூடாது என்றார்.

வண்டிதான் ஆனந்தகுமாருடையது. கடை கடையாகப் போகிற அந்தத் தம்மம்பட்டி லைன் மண்டிக்குச் சொந்தம். இன்னொரு ஆளுக்குக் கைமாறிவிட்டால் அந்த லைன் திரும்பி வராது. அதுதான் அவருக்கு முட்டியைவிட அதிகமாக வலித்தது.

“நான் ஓட்டறேனுங்க” என்றாள் அவர் மனைவி உஷாராணி. போன வருஷம்தான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்திருந்தாள். எடுத்ததோடு சரி, பீரோவில் புடவைக்கு அடியில் கிடந்தது.

ஆனந்தகுமார் சிரித்தார். பிறகு வேறு வழியில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஊருக்கு வெளியே காய்ந்து கிடந்த ஏரிக்குள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி, ஊன்றுகோலோடு ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, பாடம் ஆரம்பித்தார்.

அவர் கிளீனராக இருந்தபோது லாரி டிரைவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த முறை ஒன்றே ஒன்று. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடு. அதையே இவரும் பிடித்துக்கொண்டார். முதலில் ரிவர்ஸ். இரண்டு கல்லை நட்டு, நடுவில் வண்டியைப் பின்னால் விடச் சொன்னார். அது கைக்கு வந்த பிறகு, சாக்கடை மாதிரி ஒரு கோடு கிழித்து, சக்கரம் கோட்டைத் தொடாமல் ஓரம் கட்டுவது. அதுவும் வந்த பிறகு, ஒரே ஒடிப்பில் வண்டியைத் திருப்புவது. ஒவ்வொன்றிலும் கடைசி நாட்களில் உஷாராணி அவ்வளவு சுத்தமாக ஓட்டினாள். இவருக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

ஆவணி மாதக் கடைசியில் சரவணமுத்து சோதித்துப் பார்க்க வந்தார். அவர் அதிகம் பேசாத ஆள். சரக்கை ஏற்றிக்கொண்டு உஷாராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நாமகிரிப்பேட்டையில் முதல் கடைக்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். கட்டினாள். அடுத்த கடையில், சந்துக்குள் பின்னால் வரச் சொன்னார்கள். அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் ஒடித்தாள். பதற்றத்தில் கிளட்சை விட்டாள். முன்சக்கரம் சாக்கடையில் இறங்கி, பின்னால் முட்டை அட்டைகள் சரிந்து, தெருவெல்லாம் மஞ்சள் கரு ஓடியது.

சரவணமுத்து அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். குரலை உயர்த்தவில்லை.

“பொரட்டாசி வருது ஆனந்தா. எவனும் முட்டையைத் தொட மாட்டான், மண்டில ஈதான் ஓட்டோணும். அந்த மாசம் முடியறவரைக்கும் தம்மம்பட்டிக்கு நம்ம மண்டி வண்டியே போயிட்டு வரட்டும். ஐப்பசி மொத நாளு ஏவாரம் சூடு புடிக்கும். அன்னைக்கு ஒருக்கா வந்து பாக்கறேன். அப்பவும் இப்புடின்னா லைன வேற ஆளுக்குக் குடுத்துருவேன். என்னைத் தப்பா நெனைக்காத.”

அவர் போனதும் ஆனந்தகுமார் மனைவியைப் பிடித்துக்கொண்டார். “கல்லுக்கு நடுவுல தேராட்டம் உட்டியே புள்ள, ரோட்டுல என்ன கேடு வந்துச்சு?”

“ஏரிக்குள்ள ரிவர்ஸ் வந்தா அடுத்ததும் ரிவர்ஸ்தானுங்க. யோசிக்கவே வேண்டாம், கை தானாப் போவும்” என்றாள் உஷாராணி. “இங்க ஓரம் கட்டுன்னாங்க, கட்டுனேன். ஒடனே பின்னால வான்னாங்க. ரிவர்ஸுக்கு மொதல்ல என்ன பண்ணோணும்னே மனசுக்கு வரல.”

இது சாக்குப்போக்கு என்றுதான் ஆனந்தகுமார் நினைத்தார்.

வாரத்தில் சில நாள் அவர் ராசிபுரத்தில் அகல்யாவின் பிசியோதெரபி கிளினிக்குக்குப் போய்வந்தார். அகல்யா நல்ல பெண்தான். ஆனால் கொஞ்ச நாளாக அவளுடைய போக்கு இவருக்குப் பிடிக்கவில்லை. சேரிலிருந்து எழச் சொல்வாள். அதில் இவர் சுதாரிப்பதற்குள் படி ஏறச் சொல்வாள். ஏறினால், ஒற்றைக் காலில் நில் என்பாள். திரும்பவும் சேர். எதிலுமே இவருக்குப் பிடி கிடைக்கவில்லை.

“ஏனுங்க மேடம், ஒண்ண உருப்படியா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போலாமுங்களே? இப்புடிக் கலைச்சுக் கலைச்சுப் போட்டா எதுதான் நல்லா வரும்?”

“இங்க நல்லா வராதுங்கண்ணா” என்றாள் அகல்யா சாதாரணமாக. “ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சா, இப்பச் செஞ்சது சூடா ஒடம்புல நிக்கும். அதையே மறுபடி எடுத்து உடுவீங்க. பாக்கறதுக்கு அழகா இருக்கும், நமக்கும் கத்துக்கிட்டோம்னு தோணும். மாத்தி மாத்திக் குடுத்தா ஒவ்வொரு தடவையும் புதுசாத் தேடி எடுக்கோணும். கஷ்டப்படுவீங்க, தப்பும் வரும். ஆனா அந்தத் தேடறதுதான் தங்கும். ஊட்டுல யாரு உங்களப் படியா ஏறிட்டே இருக்கச் சொல்றாங்க? ஒரு படி, ஒரு திரும்பல், ஒரு உக்காரல், அப்படித்தானே வருது?”

“அப்ப நான் தேறிட்டனா இல்லையான்னு எப்படித் தெரியறது?”

“இன்னைக்கு நீங்க பண்ணுனத நான் கணக்குல வைக்க மாட்டேன். நாளன்னிக்கு வந்ததும் மொத தடவை எப்படிப் பண்றீங்கன்னு பாப்பேன்.”

ஆனந்தகுமார் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஆட்டோவில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே, பொண்டாட்டி சொன்னது சாக்குப்போக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாளே ஏரிக்குள் எல்லாவற்றையும் கலைத்துவிட்டார். ரிவர்ஸ், ஓரம், திருப்பல் என்று வாய்க்கு வந்தபடி கூவினார். அத்தோடு விட்டாரா? வைத்தியம் கண்டுபிடித்த உற்சாகத்தில், ஏரிக்கரை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுக்கிற வேலையையும் சேர்த்தே கூவினார். தம்மம்பட்டி லைனில் ஏற்றங்கள் உண்டு. உஷாராணி அதை அதுவரை பழகியதே இல்லை.

வண்டி ஏற்றத்தில் நின்றது. ஹேண்ட்பிரேக்கை எடுத்தாள். வண்டி பின்னால் உருண்டது. அலறிக்கொண்டு பிரேக்கை மிதித்தாள், இஞ்சின் அணைந்தது. அடுத்த கூவல் ரிவர்ஸ். அது முடிந்து திரும்ப ஏற்றம். திரும்ப உருண்டது. ஒவ்வொரு தடவையும் வேறு விதமாக உருண்டது. கடைசியில் சாவியை உருவிக்கொண்டு இறங்கி, கரையில் போய் முந்தானையை வாயில் வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

ஆனந்தகுமார் ஊன்றுகோலைத் தரையில் குத்திக்கொண்டு யோசித்தார். ஆபரேஷன் முடிந்த புதிதில் அகல்யா இவரைக் கலைத்துப் போட்டாளா? இல்லை. முட்டியை நீட்டுவது, மடக்குவது, அது மட்டும்தான். எந்தச் சதையை இறுக்க வேண்டும் என்றே அப்போது இவருக்குத் தெரியாது. உள்ளே ஒன்றுமே இல்லாதவனை எதைத் தேடி எடுக்கச் சொல்வது? தன் அவசரத்தை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

“எந்திரி புள்ள” என்றார். “தப்பு எம்மேலதான். இன்னைக்கு ஏத்தம் மட்டும். வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னார். இஞ்சின் சத்தம் கனத்து, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும் இடத்தில் காலை அப்படியே பிடித்து, பிறகு ஹேண்ட்பிரேக்கை எடுக்கச் சொன்னார். அன்றும் மறுநாளும் அது ஒன்றுதான். கிளட்ச் பிடிக்கும் இடம் அவள் காலுக்குப் புரிந்துவிட்டது என்று பார்த்த பிறகே ஏற்றத்தையும் மற்றதோடு கலந்தார்.

கலந்ததும் எல்லாம் கோணலாயிற்று. கல்லை இடித்தாள். கோட்டைத் தாண்டினாள். புரட்டாசி தேய்ந்துகொண்டே வந்தது.

“முன்னாடி நல்லா ஓட்டிட்டிருந்தேன்” என்றாள் உஷாராணி. “உங்க புது வைத்தியத்துல இருந்ததும் போச்சுங்க.”

பழையபடி ஒன்றையே ஓட்டச் சொன்னால் சாயங்காலமே அவள் முகம் மலர்ந்துவிடும், அது ஆனந்தகுமாருக்குத் தெரியும். ஆனால் காலையில் ஏரிக்குள் இறங்கியதும் அவள் செய்கிற முதல் ரிவர்ஸை மட்டும் அவர் வாய் திறக்காமல் கவனித்து வந்தார். நாளுக்கு நாள் அது நேராகிக்கொண்டு வந்தது. அந்த ஒரு நம்பிக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கூவினார்.

புரட்டாசிக் கடைசி நாள் சாயங்காலம், யாரும் எதிர்பார்க்காமல் சரவணமுத்து ஏரிக்கே வந்து நின்றார். அந்த நேரம் பார்த்துத்தானா உஷாராணி கல்லை இடிக்க வேண்டும்? இடித்தாள். அடுத்து இஞ்சினையும் அணைத்தாள்.

“ஆவணிலயே பரவால்லயே ஆனந்தா” என்றார் சரவணமுத்து வருத்தமாக.

“அண்ணா, இப்பப் பாத்ததக் கணக்குல வெக்காதீங்க. காலைல ஒரு தடவகூடப் பழகாம நேரா ஓட்டட்டும். அதப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

சரவணமுத்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, “வாரேன்” என்று போனார். அன்று ராத்திரி புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஐப்பசி முதல் நாள் மண்டியில் ஒரே கூட்டம். அட்டைகளை ஏற்றி, சரவணமுத்துவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உஷாராணி கிளம்பினாள். வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ஆனந்தகுமார் மண்டி வாசலில் உட்கார்ந்து, அவள் இப்போது எந்தக் கடை, எந்தச் சந்து என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தரையை மிதித்துக்கொண்டிருந்தார். முட்டி விண்ணென்று வலித்தது.

மத்தியானம் வெயில் சாய்ந்த பிறகுதான் வண்டி வந்தது. பின்னால் காலி அட்டைகள் கட்டுக்கட்டாக அடுக்கியபடியே இருந்தன. சரவணமுத்து இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார்.

“ஓரம் கட்டுன சூட்டோட அம்மிணி சந்துக்குள்ள பின்னால உட்டாங்க. அது முடிஞ்சு போனா, ஏத்தத்துல டிராக்டர் ஒண்ணு முன்னால நின்னுபோச்சு. எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு, கதவப் புடிச்சுக்கிட்டேன். அம்மிணி ஒரு நொடி யோசிச்சுட்டு எடுத்தாங்க பாரு, வண்டி ஒரு சாண்கூடப் பின்னால போவல.” பிறகு, “நேத்து நான் பாத்தது யாரையப்பா? லைன் உங்களுதுதான். நாளைக்குச் சீக்கிரம் வரச் சொல்லு” என்றார்.

உஷாராணி ஸ்டீயரிங்கை விட்டு இறங்கவில்லை. “ஊட்டுக்குப் போலாம், ஏறுங்க” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இவர் பார்க்காத மாதிரி சுற்றிக்கொண்டு போய், கிளீனர் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறினார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

சந்தில் ஒரு பைக்குக்கு வழிவிட்டாள். திருப்பத்தில் கியரைக் குறைத்தாள். ஆனந்தகுமார் ஜன்னலோரம் சாய்ந்தார்.

“ஏனுங்க,” என்று யாரோ தோளைத் தொட்டார்கள். “ஊடு வந்திருச்சு, எந்திரிங்க.”