பண்டிகையன்று நேர்முகம்

லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கான நேர்முகத்தில் அவர் முதல் சுற்றில் தேறிவிட்டார். அடுத்த சுற்றுக்கு மெயில் வந்தபோது வீடே குளிர்ந்தது. தேதியைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. சரியாகப் பண்டிகையன்று.

"வாயை மூடிக்கிட்டுப் போயிட்டு வாங்க மாப்பிள்ளை," என்றான் மச்சான். "வேலையே இன்னும் கிடைக்கல, அதுக்குள்ள லீவு கேட்கிறதா?"

பழைய கம்பெனி கிளையை மூடிய நாளிலிருந்து அவர் கிடைத்த வேலையைச் செய்துகொண்டிருந்தார். பயம் இருக்கத்தான் செய்தது. ஆனால் பண்டிகையன்று காலை வழிபாட்டுக்குக் குடும்பத்தோடு போகாமல் அவருக்கு ஒரு வருஷமும் கழிந்ததில்லை.

அன்றே பதில் எழுத உட்கார்ந்தார். வாய்ப்புக்கு நன்றி, அன்று எங்கள் பண்டிகை, அதே வாரம் வேறு எந்த நாளானாலும் வருகிறேன் என்று எழுதினார். கடைசியில், 'முடியாவிட்டால் அன்றைக்கே வருகிறேன்' என்றும் சேர்த்தார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "இதைப் படிச்சா யாருங்க தேதியை மாத்துவாங்க? கேட்கிறதைக் கேளுங்க. முடியாதுன்னா அவங்களே சொல்லட்டும், அப்புறம் யோசிப்போம்."

அந்த வரியை அழித்துவிட்டு அனுப்பினார்.

மறுநாள் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "மேனேஜர் அன்னைக்கு மட்டும்தான் இங்க வர்றார் சார். கேட்டுப் பார்க்கிறேன், உறுதி சொல்ல முடியாது."

அவர் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

சாயங்காலம் மறுபடி அவள்தான். "பட்டறையில செய்முறைத் தேர்வைப் பண்டிகைக்கு முந்தின நாளே வச்சுக்கலாம். மேனேஜர் பண்டிகைக்கு அடுத்த நாள் வீடியோவில பேசுவார். தேர்வு வைக்கிற சூப்பர்வைசரும் பண்டிகையன்னைக்கு லீவு போட்டிருக்காராம் சார். நாங்கதான் கவனிக்கல. நல்லவேளை கேட்டீங்க."

செய்முறைத் தேர்வில், கதவு மூடாமல் நின்ற லிஃப்டைக் கொடுத்தார்கள். மின்சாரத்தை நிறுத்தி, யாரும் போட்டுவிடாதபடி சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கைப் பலகை தொங்கவிட்ட பிறகுதான் கையை வைத்தார். கதவின் சென்சாரில் படிந்திருந்த தூசியைத் துடைத்து, மறுபடி மின்சாரம் கொடுத்ததும் கதவு மூடியது. சூப்பர்வைசர் தலையாட்டிக்கொண்டார்.

பண்டிகையன்று புதுச்சட்டையோடு வழிபாட்டுக்குப் போனார். மனசு பாதி அங்கேயும் பாதி மறுநாள் மேலேயும் இருந்தது.

வீடியோவில் மேனேஜர் நேராகவே கேட்டார். "எங்க வேலையில ஞாயிறு, பண்டிகைன்னு பார்க்க முடியாது. லிஃப்ட் நடுவில நின்னு யாராவது மாட்டிக்கிட்டா ஓடணும். என்ன சொல்றீங்க?"

"ஓடுவேன் சார். மத்தவங்க பண்டிகைக்கு நான் ட்யூட்டி பார்க்கிறேன். என் பண்டிகைக்கு அவங்க பார்க்கட்டும். முன்கூட்டியே சொல்லிடுவேன்."

மேனேஜர் சிரித்தார். "எங்க ஷிப்ட் அட்டவணையே அப்படித்தான் ஓடுது. பழைய கம்பெனியில உங்களைப் பத்தி விசாரிக்க யார் நம்பரைத் தருவீங்க?"

அறை வாசலில் நின்ற மனைவியை அவர் திரும்பிப் பார்த்தார். அவள் ஏற்கெனவே ஃபோனில் பழைய ஃபோர்மேனின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள்.