மெர்ச்சன்ட்

நாளை மதுரையில் பெரிய மில் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்கு நேர்காணல். பிலோமினா எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தையும் டைப்ரைட்டிங் ஹையர் சர்டிபிகேட்டையும் நாலாம் முறையாக அடுக்கினாள். வேகப் பரீட்சை அவளுக்குப் பயமில்லை. ராமநாதபுரம் கடைத்தெருவில் கூடை சுமந்து பனங்கிழங்கு விற்கும் அவள் அய்யா சூசைமுத்து, அதிகாரியாக நடித்துக் கேள்வி கேட்பதுதான் தாங்கவில்லை.

"ஒங்க அய்யாவுக்கு என்ன தொழிலு?"

"மெர்ச்சன்ட், சார்."

"கடை எங்கன இருக்கு?"

"ஒங்க தலையில!"

அவர் சிரித்துக்கொண்டே அவித்த கிழங்குகளைக் கட்டினார். அந்தச் சிரிப்பு அவளுக்கு மேலும் எரிச்சலூட்டியது. விண்ணப்பத்தில் 'மெர்ச்சன்ட்' என்று எழுதச் சொன்னவர் டைப்ரைட்டிங் மாஸ்டர். அந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். மெர்ச்சன்ட்தான் என்றால் அடுத்த கேள்வியில் மாட்டுவாள். இல்லை என்றால் பொய்க்காரி ஆவாள். எழுதும்போது தான் வெட்கப்பட்டதுதான் அவளை அதிகம் குடைந்தது.

"சரி, மறுபடி கேளுங்க."

"தொழிலு?"

"தாள்ல ஒரு வார்த்தை தப்பு சார், திருத்திக்கிடுறேன். அய்யா தெருவுல பனங்கிழங்கு விக்கிறாரு."

"அது என்னம்மா கிழங்கு? தொரைக்குத் தெரியாதுல்ல!"

"அய்யா, சிரிக்காதீங்க!"

நாளை ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள்; அதற்கு ஆங்கிலத்தில் பெயர் தெரியவில்லை. ஆனாலும் பனங்கொட்டையை மணலில் புதைப்பதையும், மாதங்கள் கழித்துத் தோண்டுவதையும், அவிப்பதையும் தடுமாறாமல் ஆங்கிலத்தில் சொன்னாள். இதுவரை ஒத்திகையில் அவள் இவ்வளவு நேரம் நிற்காமல் பேசியதில்லை.