வளையமாக நின்ற ஆறு ஒன்றுகள்

"பழைய வினாத்தாள் எல்லாத்துலயும் வர்ற கணக்கு. கைடுல இருக்கறத வுட்டுட்டு இன்னாம்மா எழுதியிருக்க?" என்றார் செஞ்சி பாலிடெக்னிக் ஆசிரியர் ஆனந்தராஜ். அந்த விடை தப்பென்றால் மாதிரித் தேர்வில் மாணவி மரியசெல்வி ஃபெயில்.

அவள் கரும்பலகையில், லாஜிக் சர்க்யூட்டைச் சுருக்க உதவும் கார்னா கட்டத்தைப் போட்டு, ஒன்றும் பூஜ்யமுமாக நிரப்பினாள். "ஆறு ஒன்னும் வளையமா நிக்குது சார். இந்த ஓரமும் அந்த ஓரமும் பக்கத்துப் பக்கம்தான். கைடு இப்படி ஜோடி சேக்குது, நான் அடுத்த பக்கமா சேத்தேன். ரெண்டுலயும் மூணு ஜோடிதான், சர்க்யூட் ஒரே அளவுதான்."

"போர்டு பரீட்சையில திருத்துறவங்க கைடைத்தான் பாப்பாங்க. அழிச்சிட்டு உக்காரு."

"மாட்டேன் சார். எட்டு இன்புட்டையும் கைடு விடையிலயும் என் விடையிலயும் போட்டுப் பாருங்க. அவுட்புட் ஒன்னு மாறினாலும் நானே அழிக்கிறேன்."

அவர் போட்டுப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. அவள் விடைத்தாளில் தான் போட்டிருந்த சிவப்புக் குறியை அடித்து மதிப்பெண் போட்டார்.

"போர்டு பரீட்சையிலயும் இப்படியேதான் எழுதுவியா?"

"இப்படியேதான் சார்."