ரகசியம் காக்கப்படும்

பள்ளித் தாளாளர் முத்துசாமியின் அறை வாசலில் அவருடைய பட்டங்கள் பித்தளையில் மின்னும். கல்வி வள்ளல், கருணைச் செம்மல், இன்னும் இரண்டு. நான்கையும் அவரே அடித்து மாட்டிக்கொண்டார் என்பது மாமல்லபுரம் சாலையில் டீக்கடை வரைக்கும் தெரியும். பளபளப்புக் குறையாமல் பார்த்துக்கொள்வது மட்டும் அலுவலகத்தின் பொறுப்பு.

அந்த அலுவலகத்தில் கட்டணம் வாங்குகிறவள் ஜெசிந்தா. ஒவ்வொரு பருவத்திலும் "கட்டத் தவறினால் நடவடிக்கை" என்று ஒரே அறிவிப்பைத் தேதி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். இந்த மார்கழியில் புயலுக்குப் பயந்து படகெல்லாம் கரையிலேயே கிடந்தன. குப்பத்துப் பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்தாலே வீட்டு நிலவரம் புரிந்தது. அவள் புதிதாக எழுதினாள்:

"பெற்றோருக்கு வணக்கம். மூன்றாம் பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள் ஜனவரி பத்து. சிரமம் இருந்தால் அலுவலகத்தில் தனியாகப் பேசலாம். தவணையோ அவகாசமோ தர வழி உண்டு. பேசுவது ரகசியமாகக் காக்கப்படும். பிள்ளைகளிடம் எதுவும் கேட்க மாட்டோம்."

முத்துசாமி படித்துவிட்டு நெகிழ்ந்து போனார். "நான் மனசுல நெனச்சிகினு இருந்தத அப்படியே எழுதிட்டம்மா" என்றவர், கீழே தன் நான்கு பட்டங்களையும் சேர்க்கச் சொன்னார். செய்தி கொஞ்சம் சின்னதாகவும் பட்டங்கள் கொஞ்சம் பெரிதாகவும் அச்சாகின. பழைய பந்து, வலையெல்லாம் கிடந்த அறையைக் காலி செய்து 'தனி உரையாடல் அறை' என்று பலகையும் மாட்டினார்.

ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை. அவருடைய கருணை வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

பிறகு பரிமளா வந்தாள். மீன் விற்கிறவள். கவிச்சி அடிக்கக்கூடாதென்று குளித்து, வேறு புடவை கட்டி, மல்லிகை வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அலுவலக ஜன்னலருகே குனிந்து மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், நோட்டீஸ்ல போட்டிருந்திச்சே, தனியா பேசலாம்னு. எங்க தமிழரசி ஒன்பதாவது. தைப்பூசம் வரைக்கும் டைம் குடுத்தீங்கன்னா கட்டிடுவேன். ஆனா அதுக்குத் தெரியக்கூடாது மேடம். ரோஷக்காரி. தெரிஞ்சா இஸ்கூலுக்கே வராது."

ஜெசிந்தா தானே முடித்துக்கொடுத்திருப்பாள். அதற்குள் முத்துசாமி எட்டிப் பார்த்துவிட்டார். அறைக்கு அழைத்துப்போய், மின்விசிறி போட்டு, அவகாசமும் கொடுத்தார். பரிமளா கண்ணைத் துடைத்துக்கொண்டே போனாள்.

"ஜெசிந்தா, அந்தப் பொண்ணு பேரு இன்னா சொன்னாங்க?"

எதற்கென்று கேட்டிருக்கலாம். அவளுடைய மகன் ஜோஷ்வாவும் இதே பள்ளியில் பாதிக் கட்டணத்தில் படிக்கிறான். "தமிழரசி சார், ஒன்பது பி" என்றாள்.

திங்கட்கிழமை காலை வழிபாட்டில் செய்தி வாசிக்கிற முறை தமிழரசிக்கு. வாசித்து முடித்தவளின் தலையில் கை வைத்து முத்துசாமி மைக்கை வாங்கினார்.

"இந்தக் குழந்தையோட அம்மா எங்கிட்ட வந்து அழுதாங்க. கட்டணம் கட்ட முடியல. நான் இன்னா சொன்னேன்? பணம் முக்கியமில்ல, படிப்புதான் முக்கியம்னு சொன்னேன். எல்லாரும் கைதட்டுங்க!"

பள்ளி கைதட்டியது. தமிழரசி தலை நிமிரவில்லை. வரிசைக்குத் திரும்பும்போது சீனு என்கிற பையன், "இன்னா தமிழு, ஓசிப் படிப்பா?" என்றான். பின்வரிசை சிரித்தது.

மறுநாள் பரிமளா மீன்கூடையோடு நேரே வந்தாள். குளிக்கவில்லை. வரவேற்பறை முழுக்க வாடை. காதுத் துளைகளில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி. பணத்தை ஜன்னல் வழியே தள்ளினாள்.

"எண்ணிக்கோங்க. பாக்கி எதுவும் வெச்சிட்டுப் போகல. டிசி குடுங்க."

"பரிமளா, நடு வருஷத்துல எதுக்குங்க..."

"புள்ள பாயவிட்டு எந்திரிக்கல மேடம். கவர்மெண்டு இஸ்கூல்ல சேத்துக்கறேன். தனியா பேசலாம்னு கூப்ட்டு மைக்குல பேசுறீங்க. வெளிய சொல்லமாட்டோம்னு எழுதுனது யாரு?"

ஜெசிந்தா ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். தான்தான் எழுதியது என்று சொல்லவில்லை.

பரிமளா போனதும் முத்துசாமி வந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. பணத்தைப் பார்த்ததும் அது குழப்பமாக மாறியது.

"இவ்ளோ டப்பு வெச்சிகினுதான் அழுதாங்களா! சரி வுடு. பாத்தியா, தனி உரையாடல் எப்படி வேல செய்யுதுன்னு? வந்தது ஒருத்தர், முழு வசூல். அடுத்த பருவத்துக்கும் இதே நோட்டீஸ் போட்டுடு."

"சார்... அந்த ரகசியம் காக்கப்படும்கிற வரிய எடுத்துடட்டுமா?"

"அய்யோ, அத எடுத்துடாதம்மா. அதப் படிச்சுட்டுத்தானே ஜனங்க வருது!"

ஜெசிந்தா தேதியை மட்டும் மாற்றினாள். தாளாளர் அறை வாசலின் பித்தளைப் பட்டங்களில் யாரோ கை வைத்து ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கச் சொல்லி அறைக்குள்ளிருந்து மணி அடித்தது. எழுந்து போய்த் துடைத்தாள்.