வெற்றாக விட்ட கட்டம்

வங்கி வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பல்லேகல ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த அனுஷியாவுக்கு ஆங்கிலப் பாடம்தான் இடித்தது. காலங்களும் பிறர் கூற்றும் மட்டுமே நாற்பது பக்கம். குண்டசாலையில் அவள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஆங்கில ஆசிரியை டொரதி இருந்தாள். அந்த நாற்பது பக்கத்தையும் இரண்டு தாளில் அட்டவணையாகச் சுருக்கித் தர அவள்தான் முன்வந்தாள்.

முதல் தாளில் பன்னிரண்டு காலங்கள். ஒவ்வொன்றுக்கும் வினை அமைப்பு, அடையாளச் சொல், ஓர் உதாரணம். இரண்டாவது தாளில் இடப்பக்கம் நேர்க்கூற்று, வலப்பக்கம் பிறர் கூற்று. am, was ஆகும். have, had ஆகும். will, would ஆகும். today, that day ஆகும்.

"உதாரணத்த நீங்களே எழுதுங்க. சொந்த வசனம்னா மறக்காது" என்றாள் டொரதி.

மறுநாள் மாலை டொரதி பார்த்தபோது வலப்பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது. அதற்கு இடப்பக்கம்: Ganesh said, "I will come tomorrow."

"இது லேசானதுதானே? would come, the next day."

"தெரியும் டீச்சர்."

"பின்னே?"

அனுஷியா போனை எடுத்து அழுத்தினாள். மழைச் சத்தத்துக்குள் ஓர் இளைஞனின் குரல்: "அக்கா, நாளைக்கு வர்றேன்." எட்டு மாதத்துக்கு முன் ஹந்தானைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பான லயம் புதைந்த அன்று வந்த குரல்பதிவு அது. தம்பி கணேஸின் உடல் கிடைக்கவில்லை.

"நம்ம பாஷையில 'நாளைக்கு வர்றேன்னு சொன்னான்'னு அப்படியே வச்சிருக்கலாம். இங்கிலிஷ்ல மாத்துனா அந்த நாள் முடிஞ்சிருது" என்றாள் அனுஷியா. பிறகு, "says-னு போட்டா மாத்த வேணாந்தானே டீச்சர்?" என்று கேட்டாள்.

"வேணாம். says வந்தா காலம் மாறாது. ஆனா பேப்பர்ல said-தான் அதிகம் கேப்பாங்க."

டொரதி அந்தக் கட்டத்தை நிரப்பவில்லை. அடியில் இன்னொரு வரி சேர்த்து, வேறு பெயரில் அதே விதியை எழுதினாள். அதன் பிறகு அடுத்த அறையில் அனுஷியாவின் போன் ஒலிக்கும் போதெல்லாம் டொரதி செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் காதுகொடுத்தாள்.

பரீட்சை கண்டியில் ஒரு பாடசாலையில் நடந்தது. முடிந்ததும் வாசலில் நின்ற டொரதியிடம் அனுஷியா வந்தாள்.

"அந்தக் கேள்வியே வந்திச்சி டீச்சர். the next day-னு எழுதிட்டேன். சரியாத்தான் எழுதினேன்."

அவள் முகத்தில் சந்தோஷமோ அழுகையோ இல்லை.

குண்டசாலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த அனுஷியா, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தாள். ஏறியவர்கள் கேட்டபோது, "ஆள் வருது" என்றாள்.

டொரதி கம்பியைப் பிடித்தபடி, அந்த இருக்கையின் அருகிலேயே, குண்டசாலை வரை நின்றுகொண்டே வந்தாள்.